மாமியார் வாட்ஸ்அப்பில் கொட்டியதை மளிகைச் சீட்டாக மாற்றுவது எப்படி? (சேலம் – ஏற்காடு)

புதுமாப்பிள்ளை | ஜூலை 19, சனி, காலை 9.40

மாமியார் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். நாங்கள் கொண்டலாம்பட்டி. மலைக்குப் போகும்போது சாமான் வாங்கிப் போவது என் பொறுப்பு. மாமியார் என் மனைவிக்கு அனுப்பியதை அவள் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் எனக்குத் தள்ளிவிட்டாள். அப்படியே போடுகிறேன்:

> கண்ணு நல்லா இருக்கியா இங்க ரெண்டு நாளா மழை துணி காயல. அரிசி தீரப்போகுது பொன்னி ஒரு சிப்பம் எடுத்துக்க. சின்னவன் அமாவாசைக்கு வர்றேன்னான் வந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பான் ஒரு ஆளு கூட. துவரம்பருப்பு போன மாசம் வாங்கினது வண்டு வெச்சுருச்சு அந்தக் கடையில வேண்டாம். கடலெண்ணெய் ரெண்டு, நல்லெண்ணெய் இருக்குது விளக்குக்குத்தான் இல்ல. வடைக்குப் பருப்பு. புளி கொஞ்சம் பழசா. மிளகாத்தூள் அரைக்கணும் அதுக்கு எல்லாம். மிளகு வேண்டாம் நம்மகிட்டயே கிடக்குது. கோயில்ல கூழு ஊத்தறோம் அறுவது பேராவது வருவாங்க கேவுரு மாவு நீயே கணக்குப் பாத்துக்க. சின்ன வெங்காயம் வெல எறங்கியிருந்தா நெறையா இல்லீன்னா கொஞ்சம். அப்பாவுக்கு பிரசர் மாத்திரை முடியப்போகுது. தேங்கா ஆறு. அந்தப் பச்சக் கலர் சோப்பு. வாழக்கா அமாவாசைக்கு. தேங்கா பத்தா வாங்கிரு. அரிசி சின்னச் சிப்பமே போதும் அண்ணன் ரேசன்ல வாங்கி வெச்சிருக்குது. மாப்பிள்ளைக்கு சளி எப்படி இருக்குது.

சளி சரியாகிவிட்டது. மற்றதுக்கு என்ன செய்வது? அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெயர்கள் எழுதினேன். எது எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறேன். நாளை ஞாயிறு கிளம்பலாம் என்றிருக்கிறேன்.

பாதித்தூக்கம் | ஜூலை 19, காலை 10.05

ஃபார்வர்டு மெசேஜை எல்லாம் நம்பாதீர்கள் நண்பரே. குரூப்பை மியூட் செய்துவிடுங்கள். எங்கள் குரூப்பில் தினமும் வேப்பிலை வைத்தியம்தான்.

புதுமாப்பிள்ளை | ஜூலை 19, காலை 10.07

மாமியாரை மியூட் செய்யச் சொல்கிறீர்களா?

சீட்டெழுதி | ஜூலை 19, காலை 11.20

செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை கணக்குப் பிள்ளையாக இருந்தவன் நான். போஸ்ட் கார்டிலும், போனிலும், பஸ் கண்டக்டர் வாய்வழியாகவும் வந்த சாமான் கணக்கையெல்லாம் சீட்டாக எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் லிஸ்ட் எழுதாதீர்கள் தம்பி. மெசேஜைக் காப்பி செய்து, ஒவ்வொரு விஷயமும் தனி வரியில் வரும்படி உடையுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அடையாளம் போடுங்கள். வேணும், இருக்கு, கேட்கணும், கதை. இந்த நாலு போதும். அளவு எழுதும் வேலை அதற்கப்புறம்.

இதில் இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். ஒன்று, ஒரே சாமான் இரண்டு தரம் வருவது. தேங்காய் முதலில் ஆறு, கீழே பத்து. கூட்டிப் பதினாறு வாங்குகிறவர்கள் உண்டு. பின்னால் சொன்னது முன்னால் சொன்னதை அடிக்கும், அவ்வளவுதான். பத்து. அரிசியும் அப்படியே, மேலே சிப்பம், கடைசியில் சின்னச் சிப்பம். அதனால் கடைசி வரி வரை போய்ப் பார்க்காமல் முதல் வரிக்கு அளவு போடக் கூடாது.

இரண்டாவது, "வேண்டாம்" எதைப் பிடிக்கிறது என்பது. மிளகு வேண்டாம் என்றால் மிளகே வேண்டாம். துவரம்பருப்பில் வரும் "வேண்டாம்" கடையைப் பிடிக்கிறது. பருப்பு வேணும், அந்தக் கடைதான் ஆகாது. அவசரத்தில் படித்தால் பருப்பை அடித்துவிட்டு, மலை ஏறினபிறகு ஒரு மாதம் ரசத்தோடு ஓட்டுவார்கள்.

சீட்டெழுதி | ஜூலை 19, மதியம் 12.10

மேலே சொன்னதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளை கிளம்பாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

உங்களுக்கு வந்தது ஃபார்வர்டு. அதில் தெரியும் நேரம் உங்கள் மனைவி அனுப்பிய நேரம். மாமியார் எப்போது எழுதினார் என்பது அதில் வராது. அனுப்பின பிறகு கால் மணி நேரம் வரை அவர் தன் மெசேஜைத் திருத்தலாம். திருத்தினால் மனைவியின் போனில் மாறும், ஏற்கனவே உங்களுக்குத் தள்ளின பிரதியில் மாறாது. கீழே இன்னொரு மெசேஜ் போட்டிருந்தால் அதுவும் உங்களுக்கு வந்திருக்காது. ஆகவே மனைவியின் போனை வாங்கி, அந்த மெசேஜுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாய்ஸ் மெசேஜ் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயசானவர்கள் பாதியை எழுதிவிட்டு மீதியைப் பேசி அனுப்புவார்கள்.

ஞாயித்துக்கிழமை என்று அதில் வருவது சின்னவன் தங்கும் கெடு. நீங்கள் போக வேண்டிய நாளே அதில் இல்லை. அமாவாசை வரும் வியாழன், 24ஆம் தேதி. வாழைக்காய் அதற்குள் போய்ச் சேர வேண்டும். கூழ் என்றைக்கு?

செல்வரிசை | ஜூலை 19, மதியம் 1.30

இதற்கு எதற்கு இவ்வளவு? ஷீட்டில் போட்டால் முடிந்தது. B-யில் ஒரு நாள் தேவை, C-யில் நாட்கள், D-யில் வீட்டில் இருப்பது, E-யில் பாக்கெட் அளவு. எல்லாம் கிராமில்.

```
=CEILING(MAX(0,B2*C2-D2),E2)
```

தேவையில் இருப்பைக் கழித்து, பாக்கெட்டுக்கு மேல் நோக்கி முழுசாக்கும். எண்ணெய்க்கும் இதே, 2 என்றால் 2000. லிட்டரோ கிலோவோ ஒன்றுதானே. கடை வாரியாக sort அடித்தால் லிஸ்ட் ரெடி.

சீட்டெழுதி | ஜூலை 19, மாலை 4.00

சூத்திரம் நன்றாக இருக்கிறது. நாங்கள் மனசில் போட்டது இதுதான். ஆனால் லிட்டரும் கிலோவும் ஒன்றில்லை தம்பி. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். செக்கில் சில இடத்தில் கிலோவாக நிறுத்துக் கொடுப்பார்கள், சில இடத்தில் லிட்டராக ஊற்றிக் கொடுப்பார்கள். 2 கிலோ வாங்கினால் கிட்டத்தட்ட 2.2 லிட்டர். விலை ஒப்பிடும்போதுதான் இது கடிக்கும். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் பக்கத்தில் வைத்து "இங்கே மலிவு" என்பார்கள். இப்போது பாக்கெட்டுகளும் முழு லிட்டராகவே வருவதில்லை, 850, 800 என்று விதவிதமாக வருகின்றன. முன்பக்கம் பார்க்க எல்லாம் ஒரே உயரம்.

B-யில் போடும் எண் எங்கிருந்து வரும் என்பதுதான் வேலையே. துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு சரியாக இருக்கும். மாதம் முப்பது நாளும் சாம்பார் வைப்பதில்லை, புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, கறி நாள் எல்லாம் கழித்தால் 22 நாள். 2200 கிராம். டப்பாவில் வண்டு வைத்த பருப்பு எவ்வளவு இருக்கிறது, அதைப் புடைத்துக் காயவைத்துச் சமைப்பாரா, கொட்டிவிடுவாரா என்பது தெரிந்தால்தான் D. பாருங்கள், ஒரு வரிக்கு ஒரு கேள்வி நிற்கிறது.

சின்னவன் வருவது நாலைந்து நாள். அதற்காக மாதக் கணக்கை ஐந்து ஆளுக்குப் போடாதீர்கள். முழுசாக்கும்போது மிஞ்சுவதிலேயே அது அடங்கிவிடும்.

அஸ்தம்பட்டி அக்கா | ஜூலை 19, மாலை 6.15

மிளகாய்த்தூள் வரியை யாரும் தொடவே இல்லையே. "அதுக்கு எல்லாம்" என்றால் ஒரு வரியா? எங்கள் வீட்டுக் கணக்கு: மிளகாய் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ, விரலி மஞ்சள் 100, சீரகம் 100, மிளகு 100, துவரம்பருப்பு 100, வெந்தயம் 50, கறிவேப்பிலை ரெண்டு கை. என் மருமகள் மல்லியைக் குறைக்கச் சொல்லி ஒரு தடவை சரிபாதி போட்டாள், குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. அதிலிருந்து தூள் பேச்சு எடுத்தாலே வீட்டில் கலவரம்.

சீட்டெழுதி | ஜூலை 19, இரவு 8.30

அக்கா சொன்னதுதான் சரியான இடம். மெசேஜில் ஒரே வரியாக இருந்து சீட்டில் ஏழெட்டு வரியாக விரிகிற சாமான்கள் உண்டு. மிளகாய்த்தூள், வடை, கூழ். இவை சாமான் பெயரே இல்லை, பண்டத்தின் பெயர். பண்டத்தை முதலிலிருந்து கடைசி வரை மனசில் சமைத்துப் பார்த்து, கை எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் எழுத வேண்டும்.

விரித்த பிறகு மறுபடி ஒரு தரம் சேர்க்க வேண்டும். அக்கா கணக்கில் மிளகு 100 வருகிறது. மாமியார் மிளகு இருக்கிறது என்கிறார். அடித்துவிடலாம், ஏற்காட்டில் மிளகைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டு போனால் சிரிப்பார்கள். துவரம்பருப்பு 100 வருகிறது, அது சாம்பார் பருப்போடு சேர வேண்டும், 2300 ஆகிறது. விரிக்காமல் விட்டால் குறையும், விரித்துச் சேர்க்காமல் விட்டால் ஒரே பருப்பு இரண்டு பொட்டலமாக வந்து நிற்கும்.

மல்லிக்கும் மிளகாய்க்கும் என்ன விகிதம் என்று நான் தலையிட மாட்டேன். அது அந்தந்த வீட்டு அடுப்படிச் சமாச்சாரம், மாமியாரிடமே கேளுங்கள்.

புதுமாப்பிள்ளை | ஜூலை 20, ஞாயிறு, காலை 8.15

கிளம்பவில்லை. மனைவி போனைப் பார்த்தேன். மாமியார் எழுதியது வியாழக்கிழமை. கீழே வாய்ஸ் ஒன்று இருந்தது, "கூழு அடுத்த ஞாயித்துக்கிழமை, மாவு மட்டும் முன்னாடியே குடுத்து உட்ருங்க" என்று. ஆக 27ஆம் தேதி. மெசேஜில் எதுவும் திருத்தவில்லை.

60 பேருக்குக் கூழ் என்றால் எவ்வளவு மாவு? ஆளுக்கு 100 கிராம் என்று போட்டு 6 கிலோ என்று மனைவி சொல்கிறாள்.

சீட்டெழுதி | ஜூலை 20, காலை 10.00

ஆளுக்கு நூறு கிராம் என்பது களிக்குச் சரி. கூழ் குடிக்கிற பண்டம். டம்ளரில் அளந்து வாருங்கள்.

"அறுவது பேராவது" என்றால் அறுபது குறைந்தபட்சம். கோயில் கூழுக்கு 75 என்று வையுங்கள். 250 மில்லி டம்ளரில் சிலர் ஒன்று, சிலர் இரண்டு, சராசரி ஒன்றரை. 75 பேருக்கு 28 லிட்டர் சுமாராக வருகிறது. ஒரு கிலோ மாவில் கால் கிலோ நொய் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்தால் பத்து லிட்டருக்குப் பக்கத்தில் வரும். கெட்டியாகக் கேட்கிற ஊரில் குறையும். அப்போது மாவு 3 கிலோ, நொய் முக்கால் கிலோ. ஆறு கிலோ வாங்கினால் மீதியை வைத்து ஆவணி வரை களி கிண்டலாம்.

மோருக்குத் தயிர் 2 லிட்டராவது வேணும், அது மெசேஜில் இல்லை. கல்லுப்பும் இல்லை, பச்சை மிளகாயும் இல்லை. இவற்றை நீங்களாகவே சீட்டில் சேர்க்காதீர்கள், கேள்விப் பக்கத்தில் எழுதுங்கள். கோயில் கூழ் என்றால் தயிரை ஒரு வீடு, வெங்காயத்தை ஒரு வீடு என்று பிரித்திருப்பார்கள்.

சின்ன வெங்காயம் கூழுக்குக் கடித்துக்கொள்ள வேணும். ஆகவே "கொஞ்சம்" என்பதற்கு ஒரு தரை இருக்கிறது. 75 பேருக்கு ஒரு கிலோ, வீட்டுக்கு ஒரு கிலோ. விலை எப்படி இருந்தாலும் 2 கிலோ கட்டாயம். அதற்கு மேலே விலை பார்த்து. எந்த விலைக்குள் இருந்தால் நிறைய என்று மாமியாரிடம் ஒரு எண்ணை வாங்கிவிடுங்கள். கடை முன்னால் நின்று போன் போட்டால் டவர் கிடைக்காது, கிடைத்தால் அவர் எடுக்க மாட்டார்.

மாவு எப்போது வேணும் என்பதும் முக்கியம். ஞாயிறு காலைக் கூழுக்கு வெள்ளி ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்து, சனிக்கிழமை காய்ச்சுவார்கள். அதனால் சீட்டில் அளவுக்குப் பக்கத்தில் "எதற்குள்" என்று ஒரு இடம் விடுங்கள். மாவு வெள்ளிக்குள், வாழைக்காயும் வடைப் பருப்பும் புதனுக்குள்.

செல்வரிசை | ஜூலை 20, காலை 10.20

F-இல் "எதற்குள்" சேர்த்துவிட்டேன். எண்ணெய் விஷயம் இப்போதுதான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், 910 தான். ஆனால் எங்கள் கடைக்காரர் லிட்டருக்கும் கிலோவுக்கும் ஒரே விலைதான் வாங்குகிறார்.

சீட்டெழுதி | ஜூலை 20, காலை 10.35

அவரிடம் எப்போதும் கிலோவாகவே வாங்குங்கள்.

மஞ்சக்குட்டை | ஜூலை 20, மதியம் 2.00

நான் மலைமேல் இருக்கிறவன். ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். "மழை, துணி காயல" என்பதைச் சீட்டெழுதி அண்ணன் கதை என்று ஒதுக்கியிருப்பார். அது கதை இல்லை. துணி காயாத இடத்தில் மிளகாய் எப்படிக் காயும்? இந்த மாதத்தில் இங்கே மிளகாயை வாங்கிவைத்தால் மறுநாளே தோல் மாதிரி வளையும். வளையும் மிளகாயை மெஷினில் போட்டால் அரைபடாது, அரைத்த தூளும் கட்டி கட்டியாகப் பூசணம் பிடிக்கும். கீழேயே வாங்கி, கீழேயே மொட்டை மாடியில் காயவைத்து, சேலத்தில் அரைத்துத் தூளாகக் கொண்டுவாருங்கள்.

பருப்பில் வண்டு வந்ததும் அந்தக் கடைக்காரர் தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஈரக் காற்றில் திறந்த டப்பா. மழைக் காலத்தில் நாங்கள் பருப்பை மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதே இல்லை.

அரிசிச் சிப்பத்தை இருபது கொண்டை ஊசி வளைவில் ஏற்றி வராதீர்கள். நீங்கள் பைக்கா, காரா? ஏற்காடு டவுனிலேயே பொன்னி கிடைக்கிறது, கிலோவுக்கு ஏதோ கொஞ்சம் கூட இருக்கும். தயிரும் இங்கேயே.

சீட்டெழுதி | ஜூலை 20, மாலை 5.45

மஞ்சக்குட்டைக்காரர் பிடித்தது நல்ல பிடி. கதை வரிகளை அடிக்காமல் கீழே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். அளவெல்லாம் எழுதி முடித்த பிறகு அவற்றை மறுபடி ஒருமுறை படித்து, இது எந்தச் சாமானையாவது தொடுகிறதா என்று பாருங்கள். "அண்ணன் ரேசன்ல வாங்கி வெச்சிருக்குது" என்பதும் பார்வைக்குக் கதைதான், அரிசி அளவையே மாற்றிவிட்டது.

பருப்பு விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வண்டின் முட்டை கடையிலிருந்தே வருவதும் உண்டு. வாங்கும்போது பொட்டலத்தின் அடியைப் பார்க்க வேண்டும். மாவு மாதிரி தூசி இறங்கியிருந்தாலோ, பருப்பில் ஊசி முனை ஓட்டை இருந்தாலோ அந்த மூட்டையே வேண்டாம்.

சிப்பம் பற்றி: முன்பு 25 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையில் கட்டிய அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்துவிட்டன. சின்னச் சிப்பம் என்றால் 10 கிலோ பையும் உண்டு, 5 கிலோவும் உண்டு. அதனால் சீட்டில் சிப்பம் என்று எழுதாமல் கிலோவாக எழுதுங்கள். கேட்டுவிட்டு.

சீட்டெழுதி | ஜூலை 20, மாலை 6.10

கேட்கிற விதம் பற்றி ஒரு வார்த்தை. "அத்தை, உங்க மெசேஜ்ல சில சந்தேகம்" என்று ஆரம்பித்தால் இன்னொரு மெசேஜ் வரும், முந்தினதைவிட நீளமாக. ஒரே சொல்லில் பதில் வரும்படி எண் போட்டுக் கேளுங்கள். "அரிசி 5 கிலோவா 10 கிலோவா?" "வடைக்கு உளுந்தா கடலைப்பருப்பா?" அமாவாசைப் படையல் என்பதால் உளுந்தாகத்தான் இருக்கும் என்று என் கணிப்பு, இருந்தாலும் கேளுங்கள். "புளி அரைக் கிலோ போதுமா?" என்று நீங்களே ஒரு அளவைச் சொன்னால் சட்டென்று ஆமா, இல்லை வரும். "எவ்வளவு வேணும்" என்றால் மறுபடியும் "கொஞ்சம்" என்றுதான் வரும்.

இரண்டு சாமானுக்குப் பேச்சே கூடாது, போட்டோதான். சோப்பு உறையும் மாத்திரை அட்டையும். மாத்திரைக்குக் கணிப்பு என்பதே கிடையாது. பெயர் ஒன்றாக இருக்கும், பின்னால் இரண்டு எழுத்து கூடினால் இன்னொரு மருந்தும் சேர்ந்ததாக இருக்கலாம். மில்லிகிராமும் தெரிய வேண்டும். அட்டையைக் கிழித்த பக்கத்தை எடுக்காமல் முழுப் பெயர் தெரிகிற பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டும் ஒரு போட்டோ.

புதுமாப்பிள்ளை | ஜூலை 21, திங்கள், இரவு 9.00

ஏழு கேள்வி அனுப்பினேன். பதில்: அரிசி 10. வடைக்கு உளுந்து, அரைக் கிலோ. புளி அரைக் கிலோ. டப்பாவில் பருப்பு 400 கிராம் இருக்கும், புடைத்துவிட்டார்களாம். தயிர், உப்பு, மிளகாய் எல்லாம் பக்கத்து வீடு. வெங்காயம் கிலோ 50க்குள் இருந்தால் 5. மாத்திரை, சோப்பு போட்டோ வந்துவிட்டது. பச்சைக் கலர் சோப்பு துவைக்கிற சோப்பு, நான் குளிக்கிற சோப்பு என்று நினைத்திருந்தேன். மிளகாய்த்தூள் விகிதம் கேட்டதற்கு மட்டும் "உங்க வீட்ல எப்படியோ அப்படி" என்று வந்தது. எங்கள் வீட்டில் பாக்கெட் தூள்.

கார்தான். புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

சீட்டெழுதி | ஜூலை 22, செவ்வாய், காலை 7.30

துவரம்பருப்பு: 2300இல் 400 போனால் 1900, அரைக் கிலோ பொட்டலமாக முழுசாக்கினால் 2 கிலோ. மஞ்சக்குட்டைக்காரர் பேச்சையும் கேட்டு இப்போது ஒரு கிலோ, அடுத்த தடவை ஒரு கிலோ என்று பிரிக்கலாம். அது உங்கள் வீட்டு முடிவு.

அடுக்குவது எப்படி? சமையல்காரி வரிசையில், அதாவது அரிசி, பருப்பு, மசாலா என்று அடுக்க நினைத்தேன். வாங்கப் போகிறது நீங்கள், அதனால் கடை வரிசை. கடைகளையும் நேரத்தை வைத்து அடுக்க வேண்டும். உழவர் சந்தை காலையிலேயே தீர்ந்துவிடும், மளிகைக் கடை திறக்க நேரமாகும். இரண்டையும் ஒரே காலையில் பிடிக்க முயன்றால் ஒன்று கெடும். மளிகைச் சீட்டை இன்று சாயங்காலமே செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து, கட்டிவைத்ததை இன்றே எடுத்துவிடுங்கள். நாளை காலை அஸ்தம்பட்டி உழவர் சந்தை, அப்படியே கோரிமேடு, அடிவாரம், மேலே.

> இன்று சாயங்காலம், செவ்வாய்ப்பேட்டை மளிகை
> துவரம்பருப்பு – 1 கிலோ (வேறு கடை, அடி பார்த்து)
> உளுந்து – ½ கிலோ
> கேழ்வரகு மாவு – 3 கிலோ
> நொய் – ¾ கிலோ
> பழைய புளி – ½ கிலோ
> கடலெண்ணெய் – 2 லிட்டர்
> விளக்குக்கு எண்ணெய் – ½ லிட்டர்
> துவைக்கிற சோப்பு (போட்டோ) – 5
>
> இன்று, மருந்துக் கடை
> பிரஷர் மாத்திரை – போட்டோவில் உள்ளதே, 30 நாளுக்கு
>
> நாளை காலை, அஸ்தம்பட்டி உழவர் சந்தை
> தேங்காய் – 10
> சின்ன வெங்காயம் – 2 கிலோ (50க்குள் என்றால் 5)
> வாழைக்காய் – 4
>
> மேலே, ஏற்காடு டவுன்
> பொன்னி அரிசி – 10 கிலோ
>
> அடுத்த தடவை
> துவரம்பருப்பு – 1 கிலோ
> மிளகாய்த்தூள் சாமான் – விகிதம் தெரிந்த பிறகு, சேலத்தில் அரைத்து

சோப்பு 5, வாழைக்காய் 4, விளக்குக்கு எண்ணெய் அரை லிட்டர் எல்லாம் நான் போட்டவை. அனுப்பும்போது இவற்றுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மாமியாருக்கே திருப்பி அனுப்புங்கள். அவர் சொன்ன அளவு எது, நாம் போட்ட அளவு எது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அஸ்தம்பட்டி அக்கா | ஜூலை 22, காலை 8.10

அமாவாசைக்கு எள்ளு, வெத்தலை பாக்கு, அகத்திக்கீரை? ஆடி அமாவாசை படையலுக்கு வாழைக்காய் மட்டுமா? கேளுங்கள். அகத்திக்கீரை சந்தையிலேயே கிடைக்கும்.

சீட்டெழுதி | ஜூலை 22, காலை 8.25

கேட்டுப் பாருங்கள். கேட்காமல் வாங்க வேண்டாம்.

செல்வரிசை | ஜூலை 22, காலை 11.00

லிஸ்டை ஷீட்டாகவே மாமியாருக்கு ஷேர் செய்யலாமே, வாங்கினதும் டிக் அடிக்கலாம்.

மஞ்சக்குட்டை | ஜூலை 22, காலை 11.20

மலையில் மழை நாளில் நெட் வந்தால் செய்யலாம். மெசேஜாகப் போடுங்கள், ஒரு சாமானுக்கு ஒரு வரி. கண்ணாடி போடாதவர்களுக்கு அதையே வாய்ஸில் படித்து அனுப்புவோம் நாங்கள்.

புதுமாப்பிள்ளை | ஜூலை 23, புதன், இரவு 10.15

வந்து சேர்ந்தோம். வெங்காயம் 50க்கு மேல்தான், இரண்டு கிலோ. கேள்விக்குறி போட்டதில் சோப்பை மூன்று ஆக்கினார், வாழைக்காய் நாலு சரி. அகத்திக்கீரை கேட்டதற்கு "அது இங்கயே இருக்குது". எள் மட்டும் வேணும் என்றார், வாங்கினேன். மருந்துக் கடையில் போட்டோவைக் காட்டினேன், அந்த அட்டை இல்லை, அதே மருந்து வேறு கம்பெனி இருக்கிறது என்றார்கள். வாங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கடையில் அதே அட்டை கிடைத்தது.

மிளகாய்த்தூளுக்கு வழி கிடைத்தது. மாமியாரிடம் போன தடவை அரைத்த தூள் அரை டப்பா இருக்கிறது. அதை எடுத்துவந்து அக்கா வீட்டுக் கணக்கோடு ருசி ஒப்பிடலாம் என்று மனைவி சொல்கிறாள்.

அஸ்தம்பட்டி அக்கா | ஜூலை 24, காலை 6.50

ருசியை வைத்து மல்லி அளவு தெரியாது கண்ணு, நிறத்தைப் பாருங்கள். மல்லி கூடினால் தூள் மண் நிறத்துக்கு வரும்.

மஞ்சக்குட்டை | ஜூலை 24, காலை 7.30

பழைய தூளும் அப்படித்தான் நிறம் மங்கும் அக்கா. எப்போது அரைத்தது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.